எண்ணெய் வண்டி உள்ளே வராது: காங்கேயம் மில் ஒன்றில் பொறுப்பைக் கைமாற்றிய பேச்சு

2023 ஆயுத பூஜை அன்று, காங்கேயம் வட்டாரத்தில் உள்ள ஒரு தேங்காய் எண்ணெய் மில்லில், அதை ஆரம்பித்து நடத்திவந்த பெரியவர் பொறுப்பை மகளிடமும் மகனிடமும் ஒப்படைத்துப் பேசினார். பந்தலில் மில் ஆட்கள், தேங்காய்ப் பருப்பைக் காயவைத்துக் கொடுக்கும் களத்துக்காரர்கள், கரூர், திருப்பூர், சேலம் பக்கத்துக் கடைக்காரர்கள், உறவு சனம் என்று எல்லோரும் இருந்தார்கள். அந்தப் பேச்சைச் சீர்ப்படுத்தித் தரும்படி குடும்பத்தார் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அதனால் அதன் முதல் வடிவத்தையும் கடைசி வடிவத்தையும் கேட்டேன். அதற்கப்புறம் வந்த மழைக்காலத்திலும், 2025இல் வந்த பெரிய விலையேற்றத்திலும் அந்தப் பேச்சு என்ன ஆனது என்பதையும் பார்த்தேன். பெயர் வேண்டாம் என்று அவர்கள் சொன்னதால் மில்லின் பெயரையும் பிராண்டின் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

குடும்பத் தொழில்களில் கைமாற்று விழா என்றாலே மாலை, பொன்னாடை, கண்ணீர், அப்புறம் விருந்து. பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஒரு பிராண்ட் வாடிக்கையாளருக்குக் கொடுத்திருக்கும் வாக்கு பெரும்பாலும் எழுத்தில் இருக்காது, ஆரம்பித்தவரின் தலைக்குள்தான் இருக்கும். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போது அதுவும் கூடவே எழுந்து போய்விடும். அதை இறக்கிவைக்கக் கிடைக்கும் ஒரே பொது மேடை அந்தப் பேச்சு. அது எப்படி அமைந்தால் வாக்கு கைமாறும், எப்படி அமைந்தால் வெறும் ஆசீர்வாதமாகப் போய்விடும் என்பதை இந்த ஒரு நிகழ்விலேயே பார்க்க முடிகிறது.

முதலில் பேசிப் பார்த்தது

விழாவுக்கு முன்பு பெரியவர் தன் பேச்சை ஒருமுறை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக் காட்டினார். மகள் அதைப் போனில் பதிவு செய்தார். முக்கால் மணி நேரத்துக்குப் பக்கம் ஓடியது. எண்ணெய் ஆட்டும் எக்ஸ்பெல்லர் ஒன்றே ஒன்றை வைத்து ஆரம்பித்தது, கரண்ட் இல்லாத நாட்கள், பேங்கில் கடன் கேட்டு நடந்தது, சைக்கிளில் டின் கட்டிக்கொண்டு போனது எல்லாம் வந்தன. கடைசியில், "தரம், நேர்மை, உழைப்பு. இந்த மூணையும் விட்டுறாதீங்க" என்று முடித்தார். கேட்டவர்களுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை வைத்தோம். பேச்சைக் கேட்ட மகள், மகன், மில்லில் பருப்புத் தரம் பார்ப்பவர் ஆகிய மூவரிடமும் ஆளுக்கொரு தாள் கொடுத்து, "நாளைக்குக் காலையில மில்லுல எதைச் செய்யக் கூடாதுன்னு ஐயா சொன்னாரு?" என்று எழுதச் சொன்னோம். மகள், கந்தகப் புகை காட்டிய, அதாவது சல்பர் போட்ட பருப்பை வாங்கக் கூடாது என்று எழுதினார். மகன், கடைக்காரர்களிடம் வாக்குத் தவறக் கூடாது, ஆர்டர் எடுத்தால் சரக்கு போயே ஆக வேண்டும் என்று எழுதினார். தரம் பார்ப்பவர், ஐயாவைக் கேட்காமல் எதையும் செய்யக் கூடாது என்று எழுதினார்.

மூன்று பேருமே பொய்யாக எழுதவில்லை. "நேர்மை" என்ற சொல்லுக்குள் மூன்றும் அடங்கும். ஆனால் இரண்டு மழைநாள் சேர்ந்தாற்போல் வந்தால் மகள் எழுதியதும் மகன் எழுதியதும் நேருக்கு நேர் மோதும். நல்ல பருப்பு வராது, ஆர்டரோ நிற்கும். அப்போது எது முன்னால், எது பின்னால் என்று அந்தப் பேச்சில் இல்லை. மூன்றாமவர் எழுதியதுதான் இன்னும் ஆபத்து. அவரைப் பொறுத்தவரை மில்லின் கொள்கை என்பதே பெரியவர்தான். பெரியவர் விலகினால் கொள்கையும் இல்லை.

பெரியவர் மூன்று தாளையும் வாங்கிப் படித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மகளைப் பார்த்து, "அம்மிணி, நான் பேசுனது எல்லாருக்கும் கேட்டுது. ஒருத்தருக்கும் வெளங்கலயாட்டம் இருக்குது" என்றார். அங்கிருந்துதான் உண்மையான வேலை தொடங்கியது.

வாசலில் தெரிகிற வாக்கு

அவரிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: தரத்துக்காக உங்களுக்குப் பணம் நட்டமான நாள் எது? லாபம் வந்த நாளில் எல்லோரும் நேர்மையாகத்தான் இருப்பார்கள். ஒரு தொழிலின் மதிப்பு என்னவென்று கண்டுபிடிக்க, அது கைக்காசை இழந்து முடிவெடுத்த நாளைத் தேடிப் போக வேண்டும்.

அவர் சொன்ன கதை இது. மில் ஆரம்பித்த புதிதில் கரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வந்தது. தன் எக்ஸ்பெல்லரில் ஆட்டி முடியாது என்று, வெளியே ஒரு மில்லில் பேரல் கணக்கில் எண்ணெய் வாங்கி, தன் டின்னில் ஊற்றி அனுப்பினார். மார்கழி பிறந்தது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும், நம் பக்கத்து மார்கழிக் காலையில் டின்னைத் திறந்தால் வெள்ளையாகக் கட்டி நிற்கும். அந்த டின்களில் அடியில் மட்டும் உறைந்து, மேலே எண்ணெய் தண்ணீராட்டம் நின்றது. வாங்கி ஊற்றிய எண்ணெயில் பாமாயில் கலந்திருந்தது. அவருடைய மனைவிதான் அப்போது கணக்கு எழுதுவார். "நாம கலக்கலதானுங்க, ஆனா டின்னு மேல நம்ம பேரு இருக்குதல்ல" என்று அந்த அம்மா சொல்லி, போன டின் எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வைத்தார். அந்த வருட லாபம் மொத்தமும் அதில் போயிற்று. அன்றிலிருந்து வெளி எண்ணெய் ஒரு சொட்டுகூட மில்லுக்குள் வந்ததில்லை.

முதல் பேச்சில் இந்தக் கதையே இல்லை. தன் பக்கத்துத் தவறு என்பதால் விட்டுவிட்டாராம். அந்த அம்மாவின் பெயரும் அதில் இல்லை. பேச்சின் உயிரே அங்கேதான் இருந்தது.

கடைசி வடிவத்தில் "தூய்மை" என்ற சொல்லை எடுத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னார். கதை முடிந்ததும் மேடையிலிருந்து வாசல் பக்கம் கையைக் காட்டிச் சொன்னது இது: "இந்த வாசல்ல பருப்பு வண்டி உள்ள வரலாமுங்க. எண்ணெய் வண்டி வெளிய போலாமுங்க. எண்ணெய் வண்டி உள்ள வரக் கூடாது. டேங்கரோ பேரலோ, யாரு அனுப்புனாலும் சரி, நானே கூட்டியாந்தாலும் சரி, வாட்ச்மேன் திருப்பி அனுப்போணும்."

இந்த வாக்கு எதனால் உறுதியானது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெயில் பெரிய ஆசை காட்டுவது பாம் கெர்னல் எண்ணெய், அதாவது எண்ணெய்ப்பனைக் கொட்டையின் பருப்பிலிருந்து எடுப்பது. பாமாயிலைப் போல் அது மேலே தெளிந்து நின்று காட்டிக்கொடுக்காது. அதுவும் உறையும், கொழுப்பின் சேர்க்கையும் தேங்காய் எண்ணெயை ஒட்டியே இருக்கும். சோதனைச் சாலையில் அயோடின் மதிப்பு என்று ஒன்று பார்ப்பார்கள். தேங்காய் எண்ணெய்க்கு அது 7.5 முதல் 10க்குள் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. பாம் கெர்னலுக்கு 17, 18 என்று வரும்.

இப்போது ஒரு கணக்கு. நம் எண்ணெயின் அயோடின் மதிப்பு 8.5 என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்தில் ஒரு பங்கு பாம் கெர்னல் எண்ணெய், 17.5 மதிப்புள்ளது, கலந்தால் என்ன ஆகும்? 8.5இல் பத்தில் ஒன்பது பங்கு 7.65. 17.5இல் பத்தில் ஒரு பங்கு 1.75. இரண்டும் சேர்ந்து 9.4. பத்துக்குள்தான் இருக்கிறது, இந்தச் சோதனையில் பாஸ். கொழுப்பமிலங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் விலை கூடிய சோதனை செய்தால் சந்தேகம் எழலாம். ஆனால் தினமும் ஆட்டுகிற மில்லில் ஒவ்வொரு டேங்குக்கும் அதை யாரும் செய்வதில்லை.

ஆகவே "விதிப்படி தரமான எண்ணெய்" என்று வாக்குக் கொடுத்தால், பத்து சதவீதம் கலந்துகொண்டே அந்த வாக்கைக் காப்பாற்றலாம். பிள்ளைகள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. நெருக்கடியான ஒரு மாதத்தில், நல்ல மேனேஜர் ஒருவர், நல்ல எண்ணத்தோடு, "ரிப்போர்ட் கிளியரா இருக்குதுங்க" என்று சொல்லி அந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். வாசலில் வைத்த வாக்கை அப்படித் தாண்ட முடியாது. அதைக் காக்கக் கெமிஸ்ட்ரி படித்திருக்க வேண்டியதில்லை, இரவுக் காவலுக்கு நிற்பவரே போதும். ஒரு பிராண்டின் வாக்கை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும்போது இந்த இறக்கம்தான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன்: நற்குணத்தின் பெயரிலிருந்து, யாரும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயலுக்கு இறங்கி வர வேண்டும்.

இதற்கு விலையும் உண்டு. பக்கத்து மில்லில் சுத்தமான தேங்காய் எண்ணெயே இருந்தாலும் வாங்க முடியாது. தன் எக்ஸ்பெல்லர் எவ்வளவு ஆட்டுமோ அவ்வளவுதான் விற்பனை. மகன் இதைப் பேச்சுக்கு முன்பே எதிர்த்தார். "நல்ல எண்ணெய்னு டெஸ்ட் பண்ணி வாங்குனா என்னங்கப்பா தப்பு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பெரியவர் அந்த அயோடின் கணக்கையே திருப்பிச் சொல்லி, "டெஸ்ட்டு சொல்றது பாதிதான் கண்ணு" என்றார். மகன் முழு மனதோடு ஒத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் விவாதம் மேடை ஏறுவதற்கு முன்பே, அப்பாவும் பிள்ளைகளும் உட்கார்ந்து பேசும்போதே நடந்துவிட்டது. கைமாற்றுப் பேச்சில் பிள்ளைகள் முதல்முறையாகக் கேள்விப்படும் நிபந்தனை எதுவும் இருக்கக் கூடாது. ஊர் முன்னால் தலையாட்டிவிட்டு உள்ளுக்குள் புழுங்குவதுதான் மிஞ்சும்.

சல்பர்

இரண்டாவது வாக்கு பருப்பைப் பற்றியது. தேங்காய்ப் பருப்பு என்றுதான் இந்தப் பக்கத்தில் கொப்பரையைச் சொல்வார்கள். காங்கேயத்தைச் சுற்றி இத்தனை உலர்களங்கள் வந்ததற்குக் காரணமே இங்கே மழை குறைவு, வெயில் அதிகம் என்பதுதான். உடைத்த தேங்காயில் பாதிக்குப் பாதி ஈரம் இருக்கும். அதைக் களத்தில் பரப்பி நாள்கணக்கில் காயவைத்து, சுமார் 6 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால்தான் ஆட்டலாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் களத்தில் பூஞ்சை ஏறும், பருப்பு கறுக்கும். அப்போது சிலர் தார்ப்பாய் போட்டு மூடி உள்ளே கந்தகத்தை எரித்துப் புகை காட்டுவார்கள். பூஞ்சை நிற்கும், பருப்பு பளிச்சென்று வெள்ளையாக இருக்கும், விலையும் நன்றாகப் போகும். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் இதற்கு எதிராக நடவடிக்கை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆனாலும் மழைக்காலம் வந்தால் இது தலைதூக்கும்.

தரம் பார்ப்பவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூட்டையின் நடுவில் கைவிட்டு ஒரு பாதியை எடுக்கிறார். இரண்டு கட்டை விரலையும் வைத்து மடக்குகிறார். காய்ந்தது என்றால் "டக்"கென்று உடையும். ஈரம் இருந்தால் வளைந்துகொடுத்துவிட்டுப் பிய்யும். உடைந்த இடத்தை மூக்கருகே கொண்டுபோகிறார். வெயிலில் காய்ந்த பருப்பில் தேங்காய் வாசமும் லேசான புழுதி வாசமும் இருக்கும், சல்பர் போட்டதில் தீக்குச்சி உரசின வாசம் வரும். நிறமும் சொல்லும். வெயில் பருப்பு ஒரே சீராக வெள்ளையாக இருக்காது, ஓரத்தில் பழுப்பு ஏறியிருக்கும். மழை பெய்த வாரத்தில் மூட்டை முழுவதும் பால் வெள்ளையாக வந்தால் அதுவே சந்தேகத்துக்குக் காரணம்.

இந்த வாக்கைப் பெரியவர் இப்படிச் சொன்னார்: "சல்பர் பருப்பு எறங்காது. அதனால மழைக்காலத்துல நமக்குச் சரக்குத் தட்டும். கடைக்காரங்க கோவிச்சுக்குவீங்க. சரக்கு இல்லீன்னா இல்லீன்னு சொல்லீருவோம், வேற எதையும் ஊத்தி அனுப்ப மாட்டோம்." மகள் தாளில் எழுதியதும் மகன் தாளில் எழுதியதும் மோதிக்கொண்ட இடம் இதுதான். எது முன்னால் என்பதை, கடைக்காரர்களை எதிரே வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். அடுத்த நாள் மகன் ஒரு கடைக்காரரிடம் "சரக்கு இல்லீங்கண்ணா" என்று சொல்லும்போது, அது அவர் கெட்டிக்காரத்தனக் குறைவு என்று ஆகாமல் மில்லின் வாக்கு என்று ஆகிறது. பேச்சைக் கேட்கக் கடைக்காரர்களையும் களத்துக்காரர்களையும் கூப்பிட்டதன் காரணமே இது. வாக்கைக் காப்பாற்றும்போது யாருக்குக் கஷ்டம் வருமோ அவர்கள் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அடுத்து அவர் செய்ததுதான் பந்தலில் சலசலப்பை உண்டாக்கியது. தரம் பார்ப்பவரை மேடைக்குக் கூப்பிட்டார். "இவரு வேண்டாம்னு சொன்ன லோடை எறக்க எனக்கும் அதிகாரம் இல்லீங்க, என்ர பிள்ளைகளுக்கும் இல்லீங்க" என்றார். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவர் கையில் முதலாளியின் மறுப்பு உரிமையைக் கொடுத்துவிட்டார்.

எது வாக்கு இல்லை

கைமாற்றுப் பேச்சுகளில் பெரும்பாலும் விட்டுப்போகும் பகுதி இது. ஆரம்பித்தவர் எதைக் காக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், பிள்ளைகளுக்கு எல்லாமே புனிதமாகிவிடும். லேபிளின் நிறத்தை மாற்றக்கூடப் பயப்படுவார்கள், அல்லது எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, அந்த வேகத்தில் காக்க வேண்டியதையும் சேர்த்து அடித்துப்போட்டுவிடுவார்கள்.

பெரியவரிடம் பிடிவாதமாகக் கேட்டு இதை வரவழைக்க வேண்டியிருந்தது. டின்னில் அவருடைய போட்டோ இருக்கிறது. அது வாக்கா? யோசித்துவிட்டு, "அது ஆசைங்க, வாக்கு இல்லை" என்றார். அதையே மேடையிலும் சொன்னார். போட்டோ, பச்சை நிறம், 15 கிலோ டின், கடன் கொடுக்கும் முறை, எந்த ஊருக்கு விற்பது, எல்லாம் பிள்ளைகள் இஷ்டம்.

அளவு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பேசினார். எண்ணெய் வியாபாரத்தில் கிலோவும் லிட்டரும் சேர்ந்து செய்யும் மாயம் ஒன்று இருக்கிறது. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் சுமார் 910 கிராம்தான். 15 லிட்டர் டின் என்றால் 13.7 கிலோவுக்குப் பக்கம் வரும். பார்வைக்கு 15 கிலோ டின் மாதிரியே இருக்கும், வாங்குகிறவர் விலையை மட்டும் ஒப்பிட்டு ஏமாறுவார். பாக்கெட்டின் அளவைக் குறைக்கவே கூடாது என்று பெரியவர் முதலில் எழுதியிருந்தார். மகன், சின்னக் குடும்பங்கள் சின்னப் பாக்கெட்தான் கேட்கிறார்கள் என்றார். அது உண்மை. கடைசியில் வந்த வாசகம்: எந்த அளவு வேண்டுமானாலும் போடலாம், ஆனால் அளவு மாறினால் அதை விலையைவிடப் பெரிய எழுத்தில் போட வேண்டும். தந்தையின் பழக்கம் ஒன்று, மகனின் வாதத்தால், உள்ளே இருந்த வாக்கு மட்டும் மிஞ்சும்படி செதுக்கப்பட்டது இந்த இடத்தில்தான்.

பேச்சுக்கு முன்னால் முடிக்க வேண்டிய காகித வேலை

"இன்னைக்கிருந்து இந்தப் பேரு உங்களுது" என்று மேடையில் சொல்வது எளிது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தால், டிரேட்மார்க் பெரியவரின் தனிப் பெயரில் இருந்தது. பல குடும்பத் தொழில்களில் இப்படித்தான் இருக்கிறது. பின்னாளில் கூட்டு நிறுவனமோ கம்பெனியோ ஆக்கியிருப்பார்கள், மார்க் மட்டும் அப்பா பெயரிலேயே தங்கிவிடும். அவர் காலத்துக்குப் பிறகு அதுவும் தோட்டம், வீடு போலப் பாகப் பிரிவினைக்கு வந்துவிடும். ஒரே பெயரில் இரண்டு பேர் "நாங்கள்தான் ஒரிஜினல்" என்று போர்டு மாட்டிக்கொள்வதை நம் ஊர்களில் பார்த்திருக்கிறோம்.

இங்கே மகளும் மகனும் சேர்ந்த நிறுவனத்தின் பெயருக்கு, நற்பெயரோடு சேர்த்து, மார்க்கை எழுத்துமூலம் மாற்றிக்கொடுத்து, பதிவேட்டிலும் பெயர் மாற்ற விண்ணப்பித்த பிறகுதான் விழா வைத்தார்கள். ஆளுக்குப் பாதி என்று கொடுக்கவில்லை. நிறுவனம் மாறியதால் உணவுப் பாதுகாப்பு உரிமமும் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. உரிம எண் லேபிளில் அச்சாகும் என்பதால், கையில் இருந்த பாக்கெட் கவர் தீரும் நாளைக் கணக்குப் பார்த்துத்தான் தேதியையே வைத்தார்கள்.

பேச்சு மட்டும் எதையும் கட்டிப்போடாது என்பதற்கு வெளியூர் உதாரணம் ஒன்றும் நினைவுக்கு வருகிறது. படகோனியா உடுப்பு நிறுவனத்தை ஆரம்பித்த இவான் ஷுயினார், 2022 செப்டம்பரில் கம்பெனியைக் கைமாற்றியபோது எழுதிய கடிதம் உலகமெல்லாம் பேசப்பட்டது. ஆனால் வேலை செய்தது கடிதம் அல்ல. வாக்குரிமை உள்ள 2 சதவீதப் பங்கை ஒரு அறக்கட்டளைக்கும், வாக்குரிமை இல்லாத 98 சதவீதத்தைச் சுற்றுச்சூழலுக்குச் செலவழிக்கும் ஓர் அமைப்புக்கும் எழுதிவைத்ததுதான். நம் மில்லில் அவ்வளவு தூரம் போகவில்லை. வாசல் வாக்கையும் சல்பர் வாக்கையும் கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு பிரிவாகச் சேர்த்தார்கள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் மாற்றலாம், மாற்றினால் லேபிளில் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது.

முதல் மழை

எழுதி வைக்காத ஒரு வரியைப் பெரியவர் மேடையில் கடைசியில் சேர்த்தார். "நான் எங்கயும் போயிறலீங்க, தெனமும் வந்து பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்." கைதட்டல் பலமாக இருந்தது. அந்த ஒரு வரி, அதற்கு முன்னால் சொன்னதில் பாதியைக் கழித்துவிட்டது. களத்துக்காரர்கள் அதைக் கேட்டது இப்படி: கடைசி முடிவு இன்னும் பெரியவரிடம்தான்.

ஒரு மாதத்துக்குள் மழை பிடித்தது. பங்காளி முறையுள்ள ஒரு களத்துக்காரர் ஒரு லோடு கொண்டுவந்தார். தரம் பார்ப்பவர் மூட்டையைப் பிரித்து, உடைத்து, மோந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். களத்துக்காரர் பெரியவருக்குப் போன் போட்டார். பெரியவர் மில்லுக்குப் போன் போட்டு, "சரி, இந்த ஒரு லோடு எறக்கிக்கங்க, நம்ம ஆளு" என்றார். லோடு இறங்கியது.

சாயங்காலம் மகளுக்குத் தெரிந்தது. அந்த லோடை ஆட்டாமல் தனியாக அடுக்கச் சொன்னார். மறுநாள் லாரி வைத்து, இறக்குக் கூலி, ஏற்றுக் கூலி, வாடகை எல்லாம் மில்லே கொடுத்து, திருப்பி அனுப்பினார். களத்துக்காரரிடம் நேரில் போய், "சித்தப்பா, எறக்குனது எங்க தப்புங்க, அதுக்குண்டான செலவு எங்களுது. பருப்பு மட்டும் வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அப்பாவிடம் சண்டை போடவில்லை. மேடையில் பேசிய வீடியோவில் தரம் பார்ப்பவரைக் கூப்பிட்ட இடத்தை எடுத்து அவரைப் பார்க்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு பெரியவர் செய்தது நடைமுறை சார்ந்தது. களத்துக்காரர்களின் போன் வந்தால் எடுத்து, சுகம் விசாரித்து, லோடு பற்றிப் பேச்சு வந்ததும் "அம்மிணிகிட்டப் பேசுங்க" என்று சொல்லிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டார். மில்லுக்கு வருவதைக் காலையிலிருந்து சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டார். லோடு இறங்குவது காலையில்தான். கைமாற்றுப் பேச்சு தயாரிப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்: ஆரம்பித்தவர் இனி எந்த நேரத்தில் அங்கே இருக்க மாட்டார், எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார் என்பதும் பேச்சுக்குள்ளேயே வந்துவிட வேண்டும். பாசத்தில் சொல்லும் "நான் இருக்கிறேன்" என்ற ஒரு வரியால், பிள்ளைகளின் சொல்லுக்கு மதிப்பு வரப் பல மாதம் தாமதமாகும்.

விலை ஏறியபோது

பெரிய சோதனை 2025இல் வந்தது. 2023இல் கிலோ 100 ரூபாய்க்கும் கீழே கிடந்த பருப்பு, 2025இல் 200ஐத் தாண்டியது. ஒரு கிலோ எண்ணெய்க்குச் சுமார் 1.6 கிலோ பருப்பு வேண்டும். பருப்பு 80 ரூபாய் என்றால் எண்ணெயில் பருப்புச் செலவு மட்டும் 128. பருப்பு 220 என்றால் 352. புண்ணாக்கு விற்று வருவதைக் கழித்தாலும், கடையில் போடும் விலையைப் பார்த்து வாடிக்கையாளர் முகம் சுளிக்கத்தான் செய்வார். கலப்படத்துக்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது. பத்து சதவீதக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மகன் அப்போது ஒரு யோசனையோடு வந்தார். தேங்காய் எண்ணெய் வாங்க முடியாதவர்களுக்காக, இதே பிராண்டில் சூரியகாந்தி எண்ணெய் போடலாம், டேங்கரில் வாங்கிப் பாக்கெட் போட்டால் போதும், கடைக்காரர்களும் கேட்கிறார்கள் என்றார். மகள் கேட்டது ஒன்றுதான்: டேங்கர் எந்த வாசல் வழியாக வரும்? கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தார்கள். கடலை எண்ணெய் என்றால் பிரச்சினை இல்லை. பக்கத்துச் சந்தையில் நிலக்கடலைப் பருப்பு வாங்கி, தாங்களே ஆட்டலாம், வாசலுக்குள் பருப்பு வண்டிதான் வரும். சூரியகாந்தி எண்ணெயை அப்படிச் செய்ய அவர்களிடம் வசதியில்லை. அதனால் கடலை எண்ணெய் இந்தப் பெயரில், சூரியகாந்தி வேண்டாம் என்று முடிவாயிற்று. பெரியவரிடம் யாரும் கேட்கவில்லை. முடிவெடுத்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

விற்பனை அந்த வருடம் குறைந்தது. சில கடைகள் விலை குறைந்த வேறு பிராண்டுக்கு மாறிவிட்டன, அதில் எல்லாம் திரும்பி வரவில்லை. மகன் இன்னும் வெளி எண்ணெய் பற்றிய விதியைத் தளர்த்த வேண்டும் என்றுதான் நினைக்கிறார். ஒப்பந்தத்தில் அதற்கு வழி இருக்கிறது, லேபிளில் சொல்லிவிட்டுச் செய்யலாம். அடுத்த கணக்கு முடிப்பில் அதைப் பேசுவதாக வைத்திருக்கிறார்கள். மகள் ஒத்துக்கொள்ளாவிட்டால் இப்போதைய விதியே தொடரும். தரம் பார்ப்பவரும் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். மறுப்பு உரிமை அவருக்குப் பிறகு யாருக்கு என்பது ஒப்பந்தத்தில் இல்லை, பேச்சிலும் இல்லை. அதை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.